அடுக்கு எழும்பும் பப்ஸ்

நம் ஊர் பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்குகிறவர்கள் மேல்புறத்தைத்தான் பார்க்கிறார்கள். பொன்னிறமாக, பளபளப்பாக, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பப்ஸ் நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிய அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் மேல்புறத்தைப் போலவே பழுப்பேறி, விரலால் தட்டினால் சத்தம் கேட்கும்படி காய்ந்திருந்தால் அது சரியாக வெந்த பப்ஸ். அடி வெளுத்துப்போய், மசாலா எண்ணெயில் ஊறி, வேகாத மாவு பல்லில் ஒட்டினால், மேலே எத்தனை அடுக்கு தெரிந்தாலும் அது பாதி வேலைதான்.

வீட்டில் பப்ஸ் செய்கிறவர்களிடம் மூன்று அறிவுரைகள் சொல்லப்படும். மாவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஓவன் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், அடியில் ஈரம் இருக்கக் கூடாது. மூன்றும் வெவ்வேறு விஷயங்கள் போலத் தோன்றும். உள்ளே நடப்பது தெரிந்துவிட்டால் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது புரியும். வெண்ணெயும் தண்ணீரும் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும், அதுவும் சரியான நேரம் வரை இருக்க வேண்டும். பப்ஸின் எல்லாக் குறைகளும் இந்த இரண்டில் ஒன்று இடம் மாறியதால் வருபவை.

பப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, சோடா உப்பு கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. அதைத் தூக்கிவிடுவது வெறும் நீராவி. மைதாவில் பிசைந்த மாவுக்கு நடுவே கெட்டியான வெண்ணெயை வைத்து மூடி, தேய்த்து, மடித்து, மறுபடி தேய்த்து மடித்துக்கொண்டே போனால், மாவும் வெண்ணெயும் மாறி மாறி அடுக்கி வரும். ஓவன் சூட்டில் முதலில் வெண்ணெய் உருகும். மாவிலுள்ள தண்ணீரும் வெண்ணெயிலேயே இருக்கிற கொஞ்சம் தண்ணீரும் பிறகு ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவி வெளியேற வழி தேடும்போது, வெண்ணெய் பூசிய மாவுத் தாளை முட்டித் தள்ளுகிறது. தாள் மேலே எழும்புகிறது. எழும்பிய நிலையிலேயே மாவு வெந்து இறுகிவிட்டால் அடுக்கு நிலைத்துவிடும்.

இங்கே ஒரு காலக் கணக்கு இருக்கிறது. வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே உருகிவிடும். மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகத் தொடங்குவதற்கு 60 டிகிரிக்கு மேல் வேண்டும். தண்ணீர் முழு வேகத்தில் ஆவியாக 100 டிகிரி வேண்டும். ஆக, வெண்ணெய் உருகுவதற்கும் ஆவி கிளம்புவதற்கும் இடையே ஒரு ஆபத்தான இடைவெளி எப்போதும் உண்டு. அந்த இடைவெளி குறுகியதாக இருந்தால், உருகிய வெண்ணெய் ஓடுவதற்கு முன்னால் ஆவி வந்து தாளைத் தூக்கிவிடும். நீண்டுபோனால் வெண்ணெய் பக்கவாட்டில் வழிந்து ட்ரேயில் குளமாகத் தேங்கும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனமான பிஸ்கட் போல ஆகிவிடும். மாவை நடுங்கும் குளிரில் வைத்து, அதைக் கொதிக்கும் ஓவனுக்குள் தள்ளச் சொல்வது இந்த இடைவெளியைச் சுருக்கத்தான்.

எண்ணெயில் ஏன் பப்ஸ் வராது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. நம் பரோட்டாவுக்கும் அடுக்கு உண்டு. மெல்லிசாக வீசிய மாவில் எண்ணெய் தடவிச் சுருட்டித்தான் அந்த அடுக்கு வருகிறது. ஆனால் எண்ணெய் ஆரம்பத்திலிருந்தே திரவம். தாள்களை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அவற்றுக்கு இடையே கனமான ஒரு தடுப்பாக நிற்காது. அதனால்தான் பரோட்டா தானாக எழும்புவதில்லை, சுட்ட பிறகு மாஸ்டர் இரண்டு கையாலும் அடித்துப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. பப்ஸுக்கு வேண்டியது, மடிக்கும்போது கெட்டியாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருந்து, ஓவனில் மட்டுமே உருகுகிற கொழுப்பு. உருக்கிய நெய்யும் இதற்கு ஆகாது. அது உறைந்தால் மணல் மணலாகிவிடும், தகடாக வளையாது. அதில் ஆவியாவதற்குத் தண்ணீரும் இல்லை.

கடை பேக்கரிகளில் பெரும்பாலும் வெண்ணெய் போடுவதில்லை, பப்ஸுக்கென்றே விற்கிற மார்ஜரின் போடுகிறார்கள். அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். அதனால் மே மாதத்திலும் மின்விசிறிக்குக் கீழே நின்று மாவு மடிக்க முடிகிறது. அதற்கு விலை நாக்கில் தெரியும். உடம்புச் சூட்டில் முழுதாக உருகாத கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகு போலப் படிந்து நிற்கும். இத்தகைய கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் செய்கிறவர்கள் வெண்ணெயிலேயே செய்யுங்கள் என்பதுதான் என் தீர்ப்பு. மணமும் ருசியும் வேறு தரத்தில் இருக்கும். ஆனால் வெண்ணெய், நம் ஊர் வெயிலில் கொஞ்சமும் தயவு காட்டாது. அதற்கேற்ற ஏற்பாடுகள் வேண்டும்.

எட்டு முட்டை பப்ஸுக்கான கணக்கை முழுதாகப் பார்ப்போம்.

மாவுக்கு மைதா 250 கிராம், உப்பு 5 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 30 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 125 மில்லி. உள்ளே வைத்து மடிப்பதற்குத் தனியாக 200 கிராம் வெண்ணெய். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மாவில் போடும் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். 30 கிராம் வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்துக் கலந்து, ஐஸ் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி, ஒன்றுசேரும் வரை மட்டும் பிசையுங்கள். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசையத் தேவையில்லை. மடித்துத் தேய்க்கிற வேலையே பிசைவதற்குச் சமம், இழுவை அதிலேயே வந்துவிடும். இப்போதே அதிகம் பிசைந்தால், பின்னால் தேய்க்கும்போது மாவு ரப்பர் போலச் சுருங்கி உங்களோடு மல்லுக்கட்டும். உருட்டித் தட்டையாக்கி, மூடி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

200 கிராம் வெண்ணெயை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, பூரிக்கட்டையால் தட்டித் தேய்த்து, 15 சென்டிமீட்டர் சதுரமாக, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தகடாக்கிக்கொள்ளுங்கள். அதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எல்லாவற்றையும் முடிவுசெய்கிற கட்டம் அடுத்து வருகிறது. குளிர்ச்சி என்றதும் பலர் வெண்ணெயைக் கல் மாதிரி ஆக்கிக்கொள்கிறார்கள். அது தவறு. மாவும் வெண்ணெயும் ஒரே அளவு கெட்டியாக இருக்க வேண்டும், அதுதான் விதி. வெண்ணெய் கெட்டியாகவும் மாவு மென்மையாகவும் இருந்தால், தேய்க்கும்போது வெண்ணெய் உள்ளுக்குள் துண்டு துண்டாக உடையும். மாவின் மேல்புறத்தில் மங்கலான தீவுகள் போல அது தெரியும். அந்த இடைவெளிகளில் மாவோடு மாவு ஒட்டி, அடுக்கு எழும்பாமல் போகும். வெண்ணெய் மென்மையாகிவிட்டால் மாவுக்குள் கரைந்து கலந்துவிடும். அப்புறம் அது அடுக்கு மாவு இல்லை, நெய் பிஸ்கட் மாவு. சரியான பதம் எது என்று பார்க்க, வெண்ணெய்த் தகட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசை விளிம்பில் வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளைய வேண்டும், பேப்பரில் விரல் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. வெப்பமானியில் பார்த்தால் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். ஃபிரிட்ஜின் குளிர் 4, 5 டிகிரி என்பதால், வெளியே எடுத்துச் சில நிமிடம் காத்திருந்தால் இந்தப் பதம் வரும். கோடையில் அந்தச் சில நிமிடங்களும் தேவைப்படாது.

மாவை 22 சென்டிமீட்டர் சதுரமாகத் தேய்த்து, வெண்ணெய்த் தகட்டை அதன்மேல் குறுக்குவாட்டில் வைத்தால் மாவின் நான்கு மூலைகளும் வெளியே நிற்கும். அவற்றை உள்ளே மடித்து, தபால் உறை போல மூடி, விளிம்புகளை அழுத்தி ஒட்டுங்கள். இப்போது நடுவில் வெண்ணெய், மேலும் கீழும் மாவு. இதை ஒரே திசையில் 45 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தேய்த்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கீழே மடித்து, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கை அதன்மேல் மடியுங்கள். இது ஒரு மடிப்பு. பிறகு மாவைக் கால்வட்டம் திருப்பி, திறந்த பக்கம் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்து, மறுபடி தேய்த்து மறுபடி மடிக்க வேண்டும்.

ஒவ்வொரு மடிப்பிலும் வெண்ணெய் அடுக்கு மூன்று மடங்காகிறது. முதலில் 3, பிறகு 9, 27, 81, ஐந்தாவது மடிப்பில் 243. பிரெஞ்சுப் பாரம்பரியத்தில் ஆறு மடிப்பு போட்டு 729 வரை போவார்கள். உள்ளே மசாலாவும் முட்டையும் சுமக்கிற நம் பப்ஸுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நான் ஐந்தோடு நிறுத்தச் சொல்வேன். சமையலறை மிகவும் சூடாக இருந்தால் நான்கோடு நிறுத்துவதும் சரிதான், அடுக்குகள் கொஞ்சம் தடித்தவையாக வரும், ஆனால் தெளிவாக வரும். அதற்கும் கீழே போக வேண்டாம். வெண்ணெய் அடுக்கு தடிமனாக நின்றால் ஓவனில் அது ஓடிவிடும். அதிகமாக மடித்தாலும் கெடுதல்தான். தாள் அவ்வளவு மெல்லிசாகும்போது வெண்ணெய் மாவுக்குள் கலந்து, அடுக்கு என்ற ஒன்றே காணாமல் போகும்.

ஒரு நாளில் ஐந்து மடிப்பையும் தொடர்ந்து போட முடியாது. ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு மாவை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த ஓய்வில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெண்ணெய் மறுபடி கெட்டிப்படுகிறது, இழுபட்ட மாவு தளர்கிறது. சமையலறை 25 டிகிரிக்கு உள்ளே இருந்தால் இரண்டு மடிப்பைச் சேர்த்துப் போட்டுவிட்டு ஓய்வு கொடுக்கலாம். சென்னை, மதுரை, திருச்சிக் கோடையில் அது வேண்டாம். அங்கே விடியற்காலையில் ஆரம்பிப்பதுதான் நல்லது. சமையல் மேடை கடப்பா கல்லாகவோ கிரானைட்டாகவோ இருந்தால் அது பெரிய உதவி. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஐஸ் கட்டி நிரப்பி, மாவு தேய்க்கப்போகும் இடத்தில் கால் மணி நேரம் வைத்து எடுத்து, கல்லை ஈரம் போகத் துடைத்துவிட்டால், அந்தக் கல் அடுத்த பத்து நிமிடமாவது குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். பூரிக்கட்டையையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். தேய்க்கும்போது வெண்ணெய் வெளியே எட்டிப்பார்த்தால், அந்த இடத்தில் கொஞ்சம் மைதா தூவி, வேலையை அத்தோடு நிறுத்தி, மாவை உள்ளே வைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு தேய் தேய்த்துவிடலாம் என்று தொடர்ந்தால்தான் மாவு கெடும்.

கடையில் உறைந்த பப்ஸ் ஷீட் வாங்குகிறவர்களுக்கு இந்த வேலை எல்லாம் இல்லை. ஆனால் குளிர்ச்சி விதி அவர்களுக்கும் பொருந்தும். ஷீட்டை மேடையில் வைத்து இளக விடாதீர்கள். வெளிப்புறம் கூழாகும்போது நடுப்பகுதி இன்னும் உறைந்தே இருக்கும். முந்தின இரவே ஃப்ரீஸரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டால், காலையில் முழுவதும் ஒரே பதத்தில் இருக்கும்.

மாவு ஃபிரிட்ஜில் ஓய்வெடுக்கும்போது மசாலாவைச் செய்துவிடலாம். ஈரமின்மை என்ற விதி இங்கேதான் தொடங்குகிறது.

பப்ஸ் மசாலா குருமாவைப் போலவோ தொக்கைப் போலவோ இருக்கக் கூடாது. 300 கிராம் வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுதோடு நிதானமான தீயில் வதக்குங்கள். வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். உப்பை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் வாணலியிலேயே வெளியே வந்து வற்றிவிடும். கடைசியில் போட்டால், அதே தண்ணீர் பப்ஸுக்குள் போன பிறகு வெளியே வரும். இருபது நிமிடமாவது வதக்க வேண்டும். மஞ்சள், மிளகாய்த் தூள், கரம் மசாலா சேர்த்த பிறகு, கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டில் தண்ணீர் ஊறி வராமல், வாணலி தெரியும்படி வெறுமையாக நின்றால் மசாலா தயார். தக்காளி போட வேண்டாம் என்பது என் கருத்து. புளிப்பு கட்டாயம் வேண்டும் என்றால் கடைசியில் கொஞ்சம் ஆம்சூர் தூள் தூவிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி போட்டு சைவ பப்ஸ் செய்கிறவர்கள், கிழங்கை வேகவைத்த பிறகு தண்ணீர் வடித்து, வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் உலர்த்திவிட்டுச் சேர்க்க வேண்டும். அப்படியும் மசாலா பிசுபிசுவென்று இருந்தால், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மசாலாவை அகலமான தட்டில் பரப்பி, மூடாமல் ஆறவிடுங்கள். மூடினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மறுபடி உள்ளேயே விழும். கை பொறுக்கும் சூடு போதாது, முழுதாக ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான மசாலாவை மாவில் வைத்தால், அடியிலுள்ள வெண்ணெய் ஓவனைப் பார்ப்பதற்கு முன்பே உருகிவிடும். அத்தனை மடிப்பும் அந்த ஒரு இடத்தில் வீணாகும். அடி வேகவில்லை என்று ஓவனைக் குறைசொல்கிறவர்கள் பலருக்கு உண்மையான காரணம் இந்தச் சூடான மசாலாதான். நான்கு முட்டையை வேகவைத்து, உரித்து, பாதியாக வெட்டி, துணியில் ஒற்றி ஈரமெடுத்து வையுங்கள்.

மடித்து முடித்த மாவை இரண்டாக வெட்டி, ஒன்றை ஃபிரிட்ஜில் விட்டுவிட்டு மற்றதை 4 மில்லிமீட்டர் கனத்துக்கு, ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் சதுரமாகத் தேயுங்கள். ஓரங்களை வெட்டி 24 சென்டிமீட்டர் சதுரமாக்கினால் 12 சென்டிமீட்டர் சதுரங்கள் நான்கு கிடைக்கும். ஓரம் வெட்டுவது அழகுக்காக இல்லை. மடித்த விளிம்பில் மாவுத் தாள்கள் ஒன்றோடொன்று இணைந்து மூடியிருக்கும், அது திறந்தால்தான் அடுக்கு எழும்பும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் நேர்கீழாக இறங்க வேண்டும். மழுங்கிய கத்தியால் இழுத்து அறுத்தால் தாள்கள் விளிம்பில் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். வெட்டிய துண்டுகளை உருட்டிப் பிசைந்துவிடாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் சீரகமும் உப்பும் தூவிச் சின்னத் துண்டுகளாகச் சுட்டுக்கொள்ளலாம்.

சதுரத்தின் நடுவில் ஒன்றரை மேசைக்கரண்டி மசாலா, அதன்மேல் பாதி முட்டை. எதிரெதிரான இரண்டு மூலைகளை எடுத்து நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லேசாக அழுத்துங்கள். மற்ற இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும். மசாலாவிலிருந்து கிளம்பும் ஆவி அந்த வழியாக வெளியேறும். முழுதாக மூடிச் செய்கிற வடிவம் என்றால் மேலே இரண்டு கீறல் போட்டுவிட வேண்டும். எட்டையும் செய்து முடித்த பிறகு மறுபடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கைச்சூட்டில் இளகிய வெண்ணெய் இறுகும், ஓவனில் பப்ஸ் ஒருபுறமாகச் சுருங்காமலும் இருக்கும். பளபளப்புக்கு அடித்த முட்டையையோ பாலையோ மேல்பரப்பில் மட்டும் தடவுங்கள். வெட்டிய பக்கவாட்டில் ஒரு சொட்டு வழிந்தாலும், அது முதலில் வெந்து பசையாகி, அந்த இடத்தில் அடுக்குகளைப் பூட்டிவிடும். ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் படுத்த பப்ஸுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி ஓவன். வீட்டு ஓடிஜியை, மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரியும்படி வைத்து 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விளக்கு அணைந்ததும் தயார் என்று நினைக்க வேண்டாம். அப்போது காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும். சின்ன ஓவனில் கதவைத் திறந்தவுடன் அந்தக் காற்று போய்விடும், மறுபடி சூடேறுவதற்குள் வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். குறைந்தது இருபது நிமிடமாவது சூடேற்றி, சுவர்களும் தட்டும் சூட்டைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் ஒரு கனமான இரும்புத் தட்டையோ, ஓவனுக்குள் போகிற அளவுள்ள, பிளாஸ்டிக் பிடியில்லாத தோசைக்கல்லையோ தொடக்கத்திலிருந்தே கீழ்த் தட்டில் வைத்துச் சூடாக்குங்கள். பப்ஸைப் பட்டர் பேப்பரில் அடுக்கி, அந்தப் பேப்பரோடு சூடான இரும்பின்மேல் தள்ளிவிட வேண்டும். மாவின் அடிப்பாகம் இரும்பைத் தொட்ட கணத்திலிருந்து வேகத் தொடங்கும். குளிர்ந்த அலுமினியத் தட்டில் பப்ஸை வைத்து உள்ளே தள்ளினால், முதல் ஐந்து நிமிடம் அந்தத் தட்டு சூடாவதற்கே போய்விடும். அத்தனை நேரமும் அடி உருகிய வெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். அடி காய்வதற்கு நான் அறிந்தவரை இதைவிடப் பலன் தருகிற மாற்றம் வேறில்லை. இடைவெளி விட்டு அடுக்குங்கள், நெருக்கினால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். ஒரு தடவைக்கு நான்கு போதும். மற்ற நான்கும் ஃபிரிட்ஜிலேயே காத்திருக்கட்டும்.

220 டிகிரியில் முதல் பதினைந்து நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. எழும்புகிற வேலை முழுக்க அந்த நேரத்தில்தான் நடக்கிறது. எழும்பிய அடுக்கு இன்னும் இறுகாத நிலையில் குளிர்ந்த காற்று பட்டால் ஆவி ஒடுங்கி அடுக்கு படுத்துவிடும். அதன் பிறகு சூட்டை 190 டிகிரிக்குக் குறைத்து, இன்னும் பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். முதல் பாதி எழும்புவதற்கு, இரண்டாம் பாதி உலர்வதற்கு. இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் சுருக்கிவிடுகிறார்கள். மேலே நிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிட்டால், நடு அடுக்குகளில் ஈரம் தங்கியிருக்கும், ஆறும்போது பப்ஸ் சரிந்துவிடும். மேல்புறம் சீக்கிரம் கறுப்பது போலத் தெரிந்தால் மேலே ஒரு பட்டர் பேப்பரைப் போர்த்திவிட்டு வேகவிடுங்கள், வெளியே எடுக்காதீர்கள். காற்று சுழலும் விசிறியுள்ள ஓவனாக இருந்தால் இரண்டு கட்டத்துக்கும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

வெந்துவிட்டதா என்று பார்க்க, பக்கவாட்டு அடுக்குகளைக் கவனியுங்கள். அங்கே வெளுப்பாக, ஈரப் பளபளப்போடு கோடுகள் தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். தோசைத் திருப்பியால் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அடி நல்ல பழுப்பாக இருக்க வேண்டும், உருவத்துக்குக் கனமே இல்லாதது போல இருக்க வேண்டும். ட்ரேயில் கொஞ்சம் வெண்ணெய் கசிந்து நுரைப்பது இயல்புதான். குளமாக நின்றால் மாவு இளகியிருந்தது அல்லது ஓவன் சூடு போதவில்லை. மாவு உங்கள் கையிலேயே குளிர்ச்சியாக இருந்தது நினைவிருந்தால், சந்தேகம் ஓவன் மேல்தான் போக வேண்டும். வீட்டு ஓவன்களின் திருகில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. உள்ளே தொங்கவிடுகிற ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வெளியே எடுத்த பப்ஸைத் தட்டில் வைக்காதீர்கள். உள்ளே இன்னும் ஆவி இருக்கிறது, அது கீழே இறங்கித் தட்டில் பட்டு நீராகி, அரை மணி நேரம் பாடுபட்டுக் காய்ந்த அடியை ஐந்து நிமிடத்தில் நமுக்க வைத்துவிடும். கம்பி வலைமேல் வைத்து ஆறவிடுங்கள், கீழே காற்று போக வேண்டும். சூடாக டப்பாவில் போட்டு மூடுவதும் அதே தவறுதான். பேக்கரிகளில் மஞ்சள் பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸை அடுக்கி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மெல்லிய சூடு பப்ஸிலுள்ள கொழுப்பை உறையவிடாமலும், சுற்றியுள்ள காற்றை உலர்வாகவும் வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் வெளியே வைத்த பப்ஸ் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும், அந்தப் பெட்டிக்குள் இருப்பது தாக்குப்பிடிக்கும்.

மிஞ்சிய பப்ஸை மைக்ரோவேவில் சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் அடுக்குகளுக்குள் ஏறித் தோல் போல ஆகிவிடும். 180 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பி வரும். முட்டை உள்ளே இருப்பதால் அன்றைக்கே சாப்பிடாததை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அடிக்கடி செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு உறைந்தால் ரப்பராகி நீர்விடும், அதனால் இது வெங்காய மசாலா, காய்கறி மசாலா வைத்த பப்ஸுக்கு மட்டும் பொருந்தும். வடிவம் செய்து முடித்ததும் தட்டில் பரப்பி ஃப்ரீஸரில் கல்லாகும் வரை வைத்து, பிறகு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஒரு மாதம் வரை தாங்கும். வேண்டும்போது இளக விடாமல், உறைந்தபடியே எடுத்து மேலே பால் தடவி, 220 டிகிரியில் காய்ந்த இரும்புத் தட்டில் வைத்து, வழக்கமான நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூட்டிச் சுடுங்கள். அன்றன்றைக்கு மடித்துச் சுட்ட பப்ஸைவிட இவை பல சமயம் உயரமாகவே எழும்பும்.